முன்பு–பின்பு படத்துக்குக் கீழே என்ன எழுதலாம்?

உடல் மெலிவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைச் சேர்த்து இன்ஸ்டாகிராமில் போடுகிறோம். படத்தைப் பலமுறை பார்த்துத் தேர்ந்தெடுக்கும் நாம், கீழே எழுதும் வரிகளுக்கு அவ்வளவு யோசிப்பதில்லை. பிறரைப் புண்படுத்துவது பெரும்பாலும் அந்த வரிகள்தான்.

எடுத்துக்காட்டாக இதைப் பாருங்கள்: "84 கிலோவில் அசிங்கமாக இருந்தேன். 8 மாதத்தில் 71! மனசு வைத்தால் யாராலும் முடியும், சாக்குச் சொல்லாதீர்கள்."

முதல் வரியில் எழுதியவர் தன்னைத்தான் திட்டிக்கொள்கிறார். ஆனால் இன்று 84 கிலோ இருக்கும் தோழி அதைப் படித்தால், 'அப்படியானால் நான் அசிங்கமா?' என்றுதான் நினைப்பார். கடைசி வரி உண்மையே அல்ல. தைராய்டு சுரப்புக் குறைவு, சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு மாத்திரைகள், சில மனநல மருந்துகள் எல்லாம் எடையை ஏற்றலாம், குறைப்பதையும் கடினமாக்கலாம். இவற்றால் எடை கூடியவர்கள் சொல்வது காரணம், சாக்கு அல்ல.

அதையே இப்படி எழுதலாம்: "8 மாதமாக வாரம் நான்கு நாள் பயிற்சி செய்கிறேன். 84 கிலோவிலிருந்து 71-க்கு வந்திருக்கிறேன். இப்போது மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. காலையில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கும், என் முட்டி வலிக்கு ஏற்றபடி பயிற்சியை மாற்றித் தந்த மாஸ்டருக்கும் நன்றி. இது எனக்கு ஒத்துவந்த வழி. உங்களுக்கு எது சரி என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்."

உழைப்பும் பலனும் உதவியவர்களும் இதில் அப்படியே இருக்கிறார்கள். யாருடைய உடம்பும் அளவுகோலில் வைக்கப்படவில்லை. பழைய படத்தில் நண்பர்கள் நின்றால், அவர்கள் சம்மதிக்காதவரை வெட்டிவிடுங்கள்.

ஜிம் சந்தாவோ புரோட்டீன் பவுடரோ இலவசமாகக் கிடைத்திருந்தால், 'விளம்பரம்' என்று பளிச்செனத் தெரியும்படி போட வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் பொருளைப் பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். "பத்தே நாளில் பத்து கிலோ" என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

உங்கள் படத்தை ஜிம் கேட்காமல் விளம்பரத்துக்குப் போட்டால், முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். சேர்ந்தபோது கையெழுத்திட்ட படிவத்தில் படம் பற்றிய நிபந்தனை உண்டா என்று பாருங்கள். பிறகு, நீக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் செயலியிலேயே புகார் செய்து, செயலி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கும் எழுதுங்கள். உடம்பைக் கேலி செய்து வரும் கருத்துகளையும் இப்படியே புகார் செய்யலாம். மிரட்டலோ ஆபாசமாக மாற்றிய படமோ வந்தால் cybercrime.gov.in தளத்தில் பதிவு செய்யுங்கள்.

பதிவிடும் முன், உங்களைவிட எடை கூடிய நண்பர் முன்னால் அந்த வரிகளை உரக்கப் படிக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். எந்த வரியில் தயக்கம் வருகிறதோ, அதை எடுத்துவிடுங்கள்.