பெயரில்லாப் படிவமும் மாணவர் குறையும்

பல்கலைக்கழகங்களிலே அரையாண்டு முடியுந் தறுவாயில் மாணவர்களிடம் ஒரு மதிப்பீட்டுப் படிவம் கொடுக்கப்படுகின்றது. விரிவுரை தெளிவாக இருந்ததா, பாடத்திட்டம் முடிக்கப்பட்டதா என்பன போன்ற வினாக்களுக்கு 1 முதல் 5 வரை புள்ளியிட வேண்டும். “ஏன் வீண் வம்பு? எல்லாவற்றுக்கும் நாலைப் போட்டுக் கொடு” என்று பெற்றோர் சிலர் புத்தி புகட்டுவதை நாம் அறிவோம். அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று.

பெயர் எழுதாவிட்டாலும் எழுத்து ஆளைக் காட்டிவிடும். எட்டுப் பேர் கொண்ட சிறப்புக்கலை வகுப்பிலே, “சென்ற ஆண்டும் இப்பாடத்தைப் படித்தேன்” என்று ஒருவர் எழுதினால் அவர் யாரென்பதை விரிவுரையாளர் நொடியில் அறிவார். இணையவழிப் படிவமாயின், மூடில் என்னும் கற்றல் தளத்திலே பெயரைப் பதிவதும் மறைப்பதும் படிவத்தை அமைப்பவர் கையிலுள்ள தெரிவாகும். ஆதலால் நிரப்புமுன், பெயர் பதியப்படுமா என்று கேட்டறிதல் நன்று.

படிவங்களின் தொகுப்பு பொதுவாக விரிவுரையாளருக்கும் துறைத்தலைவருக்கும் செல்லும்; தர உறுதிப்பாட்டு அலகும் அதனைக் கோரும். தொகுப்பிலே சராசரியே முதலிற் கண்ணிற்படும். சராசரியோ பொல்லாதது. அறுபது பேர் உள்ள வகுப்பில் முப்பது பேர் 5 புள்ளியும் முப்பது பேர் 1 புள்ளியும் இட்டால் சராசரி 3. அறுபது பேருமே 3 இட்டாலும் அதுவே. முன்னைய வகுப்பில், ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரையைத் தமிழ் மூலம் படித்து வந்த பாதிப் பேர் பின்தொடர முடியாமல் தவித்திருக்கலாம். அந்தத் தவிப்பை எண் சொல்லாது. கீழேயுள்ள வெற்றிடத்தில் எழுதும் வாக்கியமே சொல்லும். “விளங்கவில்லை” என்றெழுதினால் எவராலும் எதுவுஞ் செய்ய இயலாது. “புதிய கலைச்சொற்களைக் கரும்பலகையில் எழுதாமல் வாயாற் சொல்லிச் செல்வதால் குறிப்பெடுக்க முடியவில்லை” என்றெழுதினால் அடுத்த வாரமே திருத்தலாம்.

ஆனால் அந்த அடுத்த வாரம் இருப்பதில்லை! இறுதியில் நிரப்பிய படிவத்தின் பயன் அடுத்த அணியினருக்கே. இவ்வரையாண்டிலேயே தீரவேண்டிய குறையை மூன்றாம் நான்காம் வாரத்தில், வகுப்புப் பிரதிநிதி மூலம், முதலில் விரிவுரையாளரிடமே கூறுதல் முறை. பலன் இல்லையெனில் துறைத்தலைவருக்கும், பின்னர் பீடாதிபதிக்கும் எழுதலாம். தனியே செல்லத் தயங்குவோர்க்கு மாணவர் ஆலோசகர் இருக்கிறார். நடைபெறாத விரிவுரைகளின் தேதிகளைக் குறித்து, பலர் ஒப்பமிட்டுக் கொடுக்கும் கடிதத்திற்கு விடை தேடித் தருவது துறைக்கு எளிது.

புள்ளி வழங்கியதில் ஐயமாயின் அது பரீட்சைக் கிளையின் மீள்பரிசீலனை விதிகளுக்குரியது. அதற்குக் காலவரையறை உண்டு. துன்புறுத்தல் போன்ற பாரதூரமான விடயங்களையோ இப்படிவத்தில் எழுதிவிட்டு ஓய்ந்திருத்தல் ஆகாது. முறையிட்டவர் யாரென்று தெரியாத வாக்கியத்தை வைத்து விசாரணை நடத்துவது அரிது. அதனை உரிய அதிகாரியிடம் பெயரோடு எழுத்தில் ஒப்படைத்து, பிரதியொன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ளல் வேண்டும்.