மேகத்துக்கு அடியில் ஒரு கதவு

பொங்கல் முடிந்த ஜனவரி மாலை. ராமநாதபுரம் பக்கத்தில் தண்ணீர் நிறைந்த ஒரு கண்மாய்க்கரையில் படப்பிடிப்பு நடப்பதாக வைத்துக்கொள்வோம். படத்தின் கடைசி ஷாட் மட்டும் பாக்கி. ஊரைவிட்டுப் போகும் தாயும் மகளும் கரையோரமாக நடந்து மறைய வேண்டும். அவர்கள்மேல் பொன்வெயில் விழ வேண்டும். நாளை இந்த யூனிட் இங்கே இருக்காது. மணி 4. வானம் முழுக்க மேகம்.

“சார், பேக்கப் சொல்லிடலாமா?” என்று இணை இயக்குநர் கேட்கிறார். “கொஞ்சம் பொறுங்க” என்கிறார் ஒளிப்பதிவாளர். அவர் நம்பிக்கையின் பேரில் மட்டும் இதைச் சொல்லவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும் வானம் வேறு.

நாம் மேகம் என்றால் அண்ணாந்து பார்ப்போம். மாலை வெயிலுக்குத் தலைக்கு மேலிருக்கும் மேகம் ஒரு பொருட்டே இல்லை. அந்த நேரத்து வெயில் மேலிருந்து வருவதில்லை, பக்கவாட்டில் வருகிறது. சூரியன் அடிவானத்திலிருந்து 3 டிகிரி உயரத்தில் நிற்கிறது, மேகத்தின் அடிப்பகுதி ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால், கதிர் அந்த மேக மட்டத்தைக் கடந்து வரும் இடம் ஏறத்தாழ 29 கிலோமீட்டர் தள்ளி. ஆக, நம் கண்மாய்க்கு வெயில் வருமா என்பதைத் தீர்மானிப்பது அடுத்த தாலுகாவின் வானம். ஜனவரியில் சூரியன் நேர் மேற்கில் மறையாது. 20 டிகிரிக்குச் சற்று மேல் தெற்கே தள்ளி மறையும். ஒளிப்பதிவாளர் அந்தத் திசையைக் காம்பஸில் குறித்துவைத்து, அங்கே அடிவானத்தை ஒட்டி வெளுப்பாக ஒரு கீற்று தெரிகிறதா என்று பார்க்கிறார். இருட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், கண் கூசாமல் மேகத்தின் விளிம்பு தெரியும். தென்மேற்கே ஒரு கீற்று தெரிகிறது. அதுதான் கதவு.

இதில் ஏமாறவும் வாய்ப்புண்டு. தலைக்கு மேலே துண்டு துண்டாக, நிறைய இடைவெளியோடு தெரியும் மேகங்கள், தொலைவில் பக்கவாட்டில் பார்க்கும்போது ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சுவர்போல் நிற்கும். மேலே நீலவானத்தைக் கண்டு மகிழ்ந்த யூனிட் சூரியன் அந்தச் சுவருக்குப் பின்னால் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரும். மலையும் அப்படித்தான். தென்காசிப் பக்கம் எடுத்தால், காலண்டரில் போட்டிருக்கும் அஸ்தமன நேரத்துக்கு வெகு முன்பே மலைத்தொடர் வெயிலை மறைத்துவிடும்.

கிடைக்கும் நேரமும் நம் ஊரில் குறைவு. பொன்வெயில் என்று ஒளிப்பதிவாளர்கள் கணக்கில் வைப்பது, சூரியன் சுமார் 6 டிகிரிக்குக் கீழே இறங்கியதிலிருந்து மறையும் வரை. நிலநடுக்கோட்டுக்கு அருகே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. அதனால் ராமநாதபுரத்தில் இந்த இறக்கம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அன்று அஸ்தமனம் 6.13 என்றால், ஆட்டம் 5.43க்குத்தான் தொடங்கும். வடக்கே கனடாவின் ஆல்பர்ட்டாவில் செப்டம்பரில் சூரியன் சாய்ந்து வழுக்கி இறங்குவதால், அதே 6 டிகிரிக்கு 40 நிமிடத்துக்கு மேல் ஆகும்.

ஆல்பர்ட்டாவைச் சொல்லக் காரணம் உண்டு. டெரன்ஸ் மாலிக் இயக்கி 1978-இல் வெளிவந்த ‘டேஸ் ஆஃப் ஹெவன்’ அங்கேதான் படமானது. நெஸ்டர் அல்மென்ட்ரோஸ் அதன் பல காட்சிகளைச் சூரியன் மறைந்தபின் வானம் மட்டும் வெளிச்சம் தரும் இருபது சொச்சம் நிமிடங்களில் எடுத்தார். பகலெல்லாம் ஒத்திகை, பிறகு ஓட்டம். வெளிச்சம் குறையக் குறைய, மேலும் அகலத் திறக்கும் லென்ஸுக்கு மாறினார். ஆரஞ்சு ஃபில்டரைக் கழற்றினார். அதற்கும் எட்டாதபோது, வினாடிக்கு 24 ஃபிரேம் ஓட வேண்டிய கேமராவை 12, 8 என்று மெதுவாக ஓட்டி, நடிகர்களையும் மெதுவாக அசையச் சொன்னார். திரையில் அது இயல்பான நடையாகத் தெரிந்தது. அந்தப் படத்துக்காக அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. மேகம் விலகாவிட்டால் நம் ஒளிப்பதிவாளரின் கையில் இருக்கும் மாற்று வழியும் இதுவே: வெயில் இல்லாத அந்திவெளிச்சம். ஆனால் அதில் நிழல் விழாது. இந்தக் கதைக்கு நிழல் வேண்டும்.

எனவே காத்திருப்பு சும்மா உட்கார்ந்திருப்பதாக இல்லை. 5 மணிக்கு டிராக் போட்டாயிற்று. தாயும் மகளும் மூன்று முறை நடந்து பார்த்துவிட்டார்கள்; எங்கே திரும்ப வேண்டும் என்பதற்குத் தரையில் அடையாளம் இருக்கிறது. ஃபோகஸ் தூரங்கள் குறித்தாயிற்று. இயக்குநர் குளோசப் கேட்கிறார். “அது நாளைக்கு வேற இடத்துலகூட எடுக்கலாம் சார். லைட்டுக்கு முன்னாடி ஆம்பர் பேப்பர் போட்டா முகத்துக்கு மேட்ச் ஆயிடும். கண்மாய் முழுக்க அடிக்கிற அளவுக்கு லைட் இல்ல. வைடுதான் முதல்ல.” முன்னுரிமையை இப்படி முடிவு செய்வதுதான் அந்த மாலையின் முக்கியமான வேலை.

இன்னொரு எச்சரிக்கை கேமராவுக்குள் இருக்கிறது. ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால், கேமரா பொன்நிறத்தைப் பிழை என்று எண்ணி வெளுக்க வைத்துவிடும். அதனால் அதை நடுப்பகல் அளவான 5600 கெல்வினில் நிறுத்திவைக்கிறார்கள். அப்போதுதான் மாலை மஞ்சளாகப் பதிவாகும்.

5.43 வருகிறது, போகிறது. வெயில் இல்லை. 5.50க்கும் இல்லை. 5.58க்குச் சூரியன் மேகத்தின் அடி விளிம்பைத் தாண்டிக் கீற்றுக்குள் இறங்குகிறது. அப்போது அதன் உயரம் 3 டிகிரிக்கும் குறைவு. ஆளின் நிழல் அவர் உயரத்தைப்போல் இருபது மடங்கு நீள்கிறது. தண்ணீரில் இன்னொரு சூரியன். “ரோல்!”

முதல் டேக்கில் மகள் சற்று முந்திவிடுகிறாள். அதற்குள் மூன்று நிமிடம் போயிற்று. மீட்டர் காட்டும் வெளிச்சம் குறைந்துவிட்டது. முன்னால் இருந்த என்.டி. ஃபில்டரை உதவியாளர் உருவுகிறார், லென்ஸ் இன்னும் கொஞ்சம் திறக்கிறது, இருவரும் ஓடிப்போய்த் தொடக்க இடத்தில் நிற்கிறார்கள். 6.04க்கு இரண்டாவது டேக். நடை சரி, திருப்பம் சரி, நிழலும் சேர்ந்து நடக்கிறது. அது ஓ.கே. 6.08க்கு அடிவானப் புழுதியில் சூரியன் சிவந்த வட்டமாக மங்குகிறது. இனி பார்க்க அழகு, ஆள்மேல் விழ வெளிச்சம் இல்லை. மேகம் கொடுத்தது மொத்தம் பத்து நிமிடம்.

இவ்வளவு பாடு எதற்கு, கணினியில் நிறத்தை மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். நிறத்தை மாற்றலாம், மேகமூட்டத்தில் எடுத்த காட்சியை மஞ்சளாக்கலாம். ஆனால் மேகத்தின் வெளிச்சம் நாலாபக்கமும் இருந்து வருவது. அதில் ஒரு கன்னம் ஒளியாகவும் மறு கன்னம் நிழலாகவும் இருக்காது, கூந்தல் ஓரத்தில் கோடு விழாது. அடுத்த முறை திரையில் ஒரு மாலைக் காட்சி வரும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். மஞ்சள் இருந்து நீண்ட நிழல் இல்லையென்றால், அந்த மாலை பெரும்பாலும் கணினியில் வந்தது. நிழல் நீண்டு கிடந்தால், யாரோ சரியான திசையைப் பார்த்துக் காத்திருந்திருக்கிறார்கள்.