#கலை26: சின்னதா ஒரு ஹாஷ்டாக் பிடிக்கிறது எப்படி?

இந்த வாரப் பாகத்தில ஹாஷ்டாக் பற்றிக் கொஞ்சம்தான் கதைச்சம். மிச்சம் இங்க.

போன கிழமை மேய்ஸ் ஹில்லில எங்கட வீட்டு மேசையில, கல்லூரிக் கலைவிழாவுக்கு ஹாஷ்டாக் தேடிக்கொண்டிருந்தம். முதல்ல வந்த பெயர் 'முத்தமிழ்விழா'. கேக்க வடிவு. ஆனா ஆங்கிலத்தில எப்படி எழுதுவீங்கள்? யாழ்ப்பாணத்துப் பிள்ளை vila எண்டு எழுதும், சென்னைப் பிள்ளை vizha எண்டு எழுதும். 'த்த' வந்தா th, tth, thth எண்டு மூன்று வழி. ரெண்டு ழகரத்துக்கும் தலா ரெண்டு, கடைசி நெடிலுக்கு a அல்லது aa. பெருக்கிப் பாருங்கோ: 3 × 2 × 2 × 2 = 24. ஒவ்வொன்றும் தனி ஹாஷ்டாக், படங்கள் சிதறிப் போயிடும்.

அதனால ழ, ள, த, ஆகார நெடில் இல்லாத சொல்லாத் தேடினம். 'கலைமாலை'யும் சரிவரேல்ல; kalaimalai எண்டு எழுதினா மலையாகிடும். கடைசியில நிண்டது 'கலை'. எல்லாரும் kalai எண்டுதான் எழுதுவினம். தமிழ்99 விசைப்பலகையில மூன்றே தட்டு. ஆனா அது பொதுச் சொல், ஆட்களின்ர பெயரும் கூட. அதால வருசத்தைச் சேர்த்தம்: #கலை26, #kalai26. இடைவெளியோ கோடோ (-) போட்டா ஹாஷ்டாக் அந்த இடத்திலயே முடிஞ்சிடும், கவனம்.

தமிழும் ஆங்கிலமும் தனித்தனி ஹாஷ்டாக். ஒன்றைத் தேடினா மற்றது வராது. போஸ்டரில ரெண்டையும் போடுங்கோ.

இன்னொரு சிக்கல். மேடைத் திரையில பதிவுகளைக் காட்ட தம்பி ஒரு சின்னப் பைதான் நிரல் எழுதினவர். ஆங்கிலப் பதிவெல்லாம் வந்துது, தமிழ்ப் பதிவு ஒன்றும் வரேல்ல. "அண்ணா, ஒருத்தரும் தமிழில போடேல்லையோ?" எண்டு கேட்டார். போட்டவைதான்.

```
import re
re.findall(r"#\w+", "#கலை26")
# ['#கல']
```

யூனிகோடில 'லை' எண்டது ல, ை எண்ட ரெண்டு குறியீடு. பைதானின்ர `\w` எழுத்தையும் எண்ணையும் எடுக்கும், ஆனா உயிர்க்குறியையும் புள்ளியையும் விட்டிடும். அதால 'கல'வோட வெட்டுப்பட்டுது. திருத்தம், தமிழ்க் குறியீடுகளையும் சேர்க்கிறதுதான்:

```
re.findall(r"#[\w\u0B80-\u0BFF]+", "#கலை26")
# ['#கலை26']
```

நிரல் எழுதாதவைக்கும் ஒரு சோதனை இருக்கு. போஸ்டர் அச்சடிக்க முதல், பாவிக்கப்போற செயலியில ஹாஷ்டாக்கைத் தட்டிப் பாருங்கோ. கடைசி எழுத்து வரைக்கும் நிறம் மாறினா சரி; நடுவில நிண்டா அந்தச் செயலி தமிழை வெட்டுது. பிறகு ஐந்து பேரிட்ட பெயரை வாயால மட்டும் சொல்லி, ஆங்கிலத்தில தட்டச் சொல்லுங்கோ. ஐந்தும் ஒரே மாதிரி வந்தா, அதுதான் உங்கட ஹாஷ்டாக்.