‘பக்கா கண்டிஷன்’ என்றால் என்ன?

பழைய கைபேசி விற்கும் விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படுவது ‘பக்கா கண்டிஷன்’ என்ற சொல். விற்பவர் அதை எழுதும்போது, போன் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடுகிறது என்று நினைக்கிறார். வாங்குபவர் அதைப் படிக்கும்போது, ஒரு கீறல்கூட இருக்காது என்று எடுத்துக்கொள்கிறார். இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் போன் கைமாறிய மறுநாள் சண்டை வருகிறது. தரக்குறியீடும் குறை விவரமும் இந்த இடைவெளியை அடைப்பதற்காக எழுதப்படுபவை.

இதற்குச் சட்டத்திலும் ஓர் அடிப்படை உண்டு. இந்தியாவில் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, விற்கும் பொருள் தரமாக இருக்கும் என்ற உத்தரவாதத்தைப் பொதுவாகத் தருவதில்லை. பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு. சில விலக்குகள் மட்டும் உண்டு. ஆனால் அதற்கு முந்தைய 15-ஆம் பிரிவு, விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்தோடு பொருந்தியே ஆக வேண்டும் என்கிறது. ஆகவே, பழைய போன் நன்றாக இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுத்தாக வேண்டியதில்லை. ‘ஒரிஜினல் டிஸ்பிளே’ என்று எழுதிவிட்டால் அது ஒரிஜினலாக இருந்தாக வேண்டும். விளம்பரத்தின் ஒவ்வொரு பெயரடையும் விற்பவரே விரும்பி எடுத்துக்கொள்ளும் சுமை.

தரக்குறியீடு பெரும்பாலும் ஏ, பி, சி, டி என்ற நான்கு படிகளில் வருகிறது. எல்லா விற்பனையாளருக்கும் பொதுவான வரையறை கிடையாது என்பதால், எழுத்தை மட்டும் போட்டுவிட்டு நிறுத்துவதில் பயனில்லை. அதன் பொருளையும் கூடவே சொல்ல வேண்டும். நடைமுறைக்கு உதவும் அளவுகோல்கள் இரண்டு: தூரமும் நகமும். கை நீட்டிய தூரத்தில் பிடித்துப் பார்த்தால் எந்தத் தடமும் தெரியாமல், வெளிச்சத்தில் சாய்த்தால் மட்டும் மயிரிழைக் கோடுகள் தெரிந்தால் அது ஏ. கை தூரத்திலேயே கீறல் தெரிகிறது, ஆனால் அதன் மேல் நகத்தை ஓட்டினால் நகம் மாட்டவில்லை என்றால் பி. நகம் மாட்டும் கீறல், விளிம்பு நசுங்கல், பெயிண்ட் உதிர்வு ஆகியவை சி. கண்ணாடி விரிசல் எங்கே இருந்தாலும் டி.

இந்த எழுத்து தோற்றத்துக்கு மட்டுமே உரியது. போன் வேலை செய்கிறதா என்பதைத் தனியாக எழுத வேண்டும். இரண்டையும் ஓர் எழுத்தில் அடைக்கப் பார்ப்பதுதான் பெரும்பாலான தகராறுகளின் வேர். பளபளவென்று இருக்கும் போனில் மைக் செத்திருக்கலாம். விரிசல் விழுந்த போன் குறையில்லாமல் ஓடலாம்.

இன்னொரு விதியும் உண்டு. விற்பவர்களுக்கு இது கசக்கும். தரம் என்பது சராசரி அல்ல. போனின் எந்தப் பக்கம் மோசமாக இருக்கிறதோ, அந்தப் பக்கத்தின் எழுத்துதான் முழுப் போனுக்கும். ஐந்து பக்கம் ஏ, ஒரு மூலை சி என்றால் போன் சி. ‘பி ப்ளஸ்’ போன்ற இடைத்தரங்கள் இந்தக் கசப்பைத் தவிர்க்கக் கண்டுபிடிக்கப்பட்டவை. அந்த ப்ளஸுக்கு ஆளுக்கொரு பொருள் இருப்பதால் அது தகராறைக் கூட்டுமே தவிர குறைக்காது.

ஓர் ஐபோன் 12-ஐ எடுத்துக்கொண்டு இதைப் படிப்படியாகப் பார்க்கலாம். முதல் வேலை, கவரையும் டெம்பர் கிளாஸையும் கழற்றுவது. டெம்பர் கிளாஸ் மேல் இருந்தபடியே எடுத்த படத்தில் திரையின் கீறல் மறைந்திருக்கும். பின்னால் அது தெரியவரும்போது வேண்டுமென்றே மறைத்ததாகவே தோன்றும். பிறகு துணியால் துடைத்து, திரையை அணைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லச் சாய்க்க வேண்டும். நுண்கீறல்கள் கறுத்த திரையில்தான் தெரியும். அடுத்து முழு வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து பார்த்தால் திரையில் மஞ்சள் நிழலோ புள்ளியோ கோடோ இருந்தால் வெளிப்பட்டுவிடும்.

இந்தப் போனில் கண்டவை இவை: திரையில் இரண்டு மயிரிழைக் கோடுகள், பின்கண்ணாடி சுத்தம், வலது கீழ் மூலையில் சுமார் 3 மில்லிமீட்டர் நசுங்கல். மூலையில் நகம் மாட்டுகிறது. ஆகவே தரம் சி. விற்பவருக்கு இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் ‘தரம் சி, காரணம் வலது கீழ் மூலை நசுங்கல் மட்டும், மற்ற பக்கங்களில் லேசான கோடுகள்தான்’ என்று எழுதி, அந்த மூலையை ஒரு நாணயத்தோடு சேர்த்துக் கிட்டத்தில் படம் எடுத்துப் போட்டால் வாங்குபவருக்கு எல்லாம் விளங்கிவிடும். சி என்று படித்துவிட்டு வந்து பார்ப்பவர் ‘இவ்வளவுதானா’ என்பார். பி என்று படித்து வந்தவர் அதே மூலையைக் காட்டி ஆயிரம் ரூபாய் குறைக்கச் சொல்வார்.

தோற்றத்தைவிடச் சிக்கலானது பழுதுபார்த்த வரலாறு. இந்தப் போனின் திரை ஒருமுறை உடைந்து, வெளிக்கடையில் மாற்றப்பட்டது. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் போனே காட்டிக்கொடுத்துவிடும். Settings > General > About பக்கத்தில் Parts and Service History என்ற பகுதியில் Display என்பதற்கு எதிரே Unknown Part என்று வருகிறது. வாங்குபவர் அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்தால் கதை முடிந்தது. மாற்றிய திரையோடு போனை விற்பதில் தவறில்லை. ‘திரை வெளிக்கடையில் மாற்றியது, ஆப்பிளின் பாகம் அல்ல’ என்று எழுதி, அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்துவிட்டால் போதும். போனை ஒருமுறை திறந்துவிட்டால், புதிதில் இருந்த நீர்த்தடுப்பு அப்படியே இருக்கிறது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அந்த மாடலின் விளம்பரத்தில் இருந்த நீர்த்தடுப்பு வரியை அப்படியே எடுத்து ஒட்டுவது இந்த இடத்தில் பொய்யாகிவிடும்.

பேட்டரிக்கு ‘நல்ல பேக்கப்’ என்ற சொல் எதையும் சொல்வதில்லை. Maximum Capacity 82% என்று திரையில் இருப்பதை அப்படியே, பார்த்த தேதியோடு எழுத வேண்டும். அது போன் போடும் மதிப்பீடுதான். நாளாக நாளாக இறங்கும். இரண்டு மாதம் விற்காமல் கிடந்த விளம்பரத்தில் தேதி இல்லாத 82% இருந்து, போன் 80% காட்டினால், அந்த இரண்டு சதவீதத்துக்கும் ஒரு வாக்குவாதம் நடக்கும்.

அடுத்தது, சோதிக்காதவை. கம்பியில்லா சார்ஜர் வீட்டில் இல்லை என்றால் ‘கம்பியில்லா சார்ஜிங் சோதிக்கவில்லை, சார்ஜர் இல்லை’ என்றே எழுத வேண்டும். ‘எல்லாம் ஓகே’ என்ற வரி, சோதிக்காத ஒவ்வொரு வசதிக்கும் சேர்த்தே உத்தரவாதம் தந்துவிடுகிறது. காரணம் சொல்லாமல் ‘சோதிக்கவில்லை’ என்று மட்டும் போட்டாலும் சந்தேகம் வரும். சார்ஜர் செருகக்கூடப் பார்க்காத ஆள் எதையோ மறைக்கிறார் என்றே படிப்பவர் நினைப்பார்.

குறை இருக்கும்போது, கண்டதை எழுத வேண்டும். காரணத்தை ஊகித்து எழுதக் கூடாது. திரையில் ஒன்றும் வராத போனை ‘டிஸ்பிளே மட்டும் போயிருக்கு, மாற்றினால் போதும்’ என்று விற்பது வழக்கம். வாங்கியவர் திரையை மாற்றிய பிறகு மதர்போர்டில்தான் கோளாறு என்று தெரிந்தால், திரைக்குச் செலவிட்ட பணத்தையும் சேர்த்தே கேட்பார். ‘சார்ஜர் செருகினால் அதிர்கிறது, அழைத்தால் மணி அடிக்கிறது, திரையில் வெளிச்சம் இல்லை, மெக்கானிக்கிடம் காட்டவில்லை’ என்று எழுதினால் யாரும் பின்னால் குறை சொல்ல முடியாது. பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு அந்த வரிகளே போதிய தகவல். ‘சில நேரம் ஹேங் ஆகும்’ என்பதும் இப்படித்தான். எப்போது, எவ்வளவு நேரம் கழித்து என்று சொன்னால்தான் அது விவரம்: ‘வீடியோ காலில் 20 நிமிடம் தாண்டினால் சூடாகித் திரை மங்குகிறது.’

இவற்றையெல்லாம் கோத்தால் அந்த ஐபோனின் விளம்பரம் இப்படி அமையும்:

‘ஐபோன் 12, 128 ஜிபி, கறுப்பு. தோற்றம் சி: வலது கீழ் மூலையில் 3 மி.மீ. நசுங்கல் (படம் 4). திரையில் இரண்டு மெல்லிய கோடுகள்; திரை எரியும்போது தெரியாது. பின்கண்ணாடியில் விரிசல் இல்லை. திரை வெளிக்கடையில் மாற்றியது, Unknown Part என்று காட்டும் (படம் 6). நீர்த்தடுப்புக்கு உறுதி இல்லை. பேட்டரி 82%, பார்த்தது மார்ச் 3. அழைப்பு, ஸ்பீக்கர், மைக், கேமராக்கள், முகப்பூட்டு, வைஃபை, கேபிள் சார்ஜிங் சோதித்தாயிற்று, வேலை செய்கின்றன. கம்பியில்லா சார்ஜிங் சோதிக்கவில்லை, சார்ஜர் இல்லை. பெட்டியும் பில்லும் உண்டு, சார்ஜர் இல்லை.’

இதில் ‘சூப்பர்’, ‘நீட்’, ‘புதுசு மாதிரி’ எதுவும் இல்லை. ஒவ்வொரு வரியையும் வாங்குபவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்க்கலாம். குறைகள் முதலில் வருவதற்கும் காரணம் உண்டு. நீண்ட விளம்பரத்தின் கடைசி வரியில் இருக்கும் குறையைப் பலர் படிப்பதில்லை. படிக்காத குறை, சொல்லாத குறையாகவே பின்னால் பேசப்படும்.

விவரம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், திரும்பி வருவது விற்ற அதே போன்தானா என்ற கேள்வி மிச்சமிருக்கும். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்தான் அதற்கு விடை. விளம்பரத்தில் முழு எண்ணையும் போடாமல், கைமாற்றும்போது எழுதும் ரசீதில் குறித்து இருவரும் கையெழுத்திடுவது பாதுகாப்பு. வாங்குபவர் KYM என்று தட்டி, இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், போன் முடக்கப்பட்ட ஒன்றா என்று இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் பதிவேட்டிலிருந்து பதில் வரும். விற்பவர் தன் ஆப்பிள் கணக்கை வாங்குபவர் கண்முன்னே நீக்கிவிட வேண்டும். கணக்கு ஒட்டியிருந்தால் வாங்குபவரால் போனைத் திறக்கவே முடியாது.

விற்றதும் விளம்பரத்தை நீக்கிவிடுவது எல்லோருக்கும் பழக்கம். அதோடு, சொன்ன குறைகளுக்கான சான்றும் போய்விடுகிறது. நீக்குவதற்கு முன் விளம்பரம், படங்கள், வாங்கியவரோடு பேசிய செய்திகள் ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சில மாதங்களாவது வைத்திருங்கள்.