மணிவிழாப் படத்துக்கு இரண்டு வரி

மாலையும் கழுத்துமாக அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் சொந்தபந்தம் நிற்கும் படம் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. அதன் கீழே என்ன எழுதுவது என்பதில்தான் பிள்ளைகள் திணறிப்போகிறார்கள். கடைசியில் பிளெக்ஸ் கடைக்காரர் கணினியில் தயாராக வைத்திருக்கும் "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்" வந்து உட்கார்ந்துகொள்ளும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த மண்டபத்தில் நடக்கும் மணிவிழாவுக்கும் அதே வரி பொருந்தும். நம் வீட்டுப் பெரியவர் பட்ட பாட்டைச் சொல்லும் வரி வேண்டுமென்றால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

முதலில் கணக்கு. 59 முடிந்து 60 தொடங்கும்போது செய்வது உக்ரரத சாந்தி. 60 நிறைந்து 61 தொடங்கும்போது செய்வதுதான் சஷ்டியப்தபூர்த்தி என்கிற அறுபதாம் கல்யாணம். திருக்கடையூர் அபிராமி சன்னதிக்கு இந்த இரண்டுக்குமே தம்பதிகள் வருகிறார்கள். ஆகவே வயதைப் போடும் முன் எது நடக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 60 நிறைந்தவருக்கு "அகவை 60 நிறைவு" என்று எழுதினால் குழப்பம் வராது.

வியாழன் ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆகும். சனிக்கு ஏறக்குறைய 30. ஆக, அறுபது ஆண்டில் வியாழன் ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் முடித்து, பிறந்தபோது இருந்த இடத்தையொட்டி வந்து சேர்கின்றன. தமிழ் ஆண்டுப் பெயர்களும் அறுபதுதான் என்பதால், பிறந்த ஆண்டின் பெயரே திரும்பி வருகிறது. 1965 ஐப்பசியில் பிறந்தவர் விசுவாவசு ஆண்டுக்காரர். 2025 ஐப்பசியில் நடப்பதும் விசுவாவசுதான். "விசுவாவசு முதல் விசுவாவசு வரை" என்ற தொடர், வயதையும் அவர் கடந்து வந்த தூரத்தையும் நான்கே சொல்லில் அடக்கிவிடும்.

இனி அந்த ஆண்டில் பிறந்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். நாமக்கல் பக்கத்துக்காரர். 1983-ல் கிளீனராக லாரி ஏறியவர். தார்ப்பாயை இழுத்துக் கட்டுவது, மேட்டில் வண்டி நின்றால் குதித்து ஓடி டயருக்குக் கட்டை போடுவது என்று தொழில் பழகி, இருபது வயது ஆனதும் லைசென்ஸ் வாங்கி டிரைவர் ஆனார். மும்பை, கல்கத்தா என்று லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். பிள்ளைகள் இரண்டு பேர். மகள் நர்ஸ், மகன் ஆசிரியர். படத்துக்கு வரி எழுதும் பொறுப்பு மகளுக்கு.

அவள் முதலில் எழுதியது இது: "எங்களுக்காக மெழுகாய் உருகிய தியாகச் சுடரே, நீங்கள் பல்லாண்டு வாழ்க!" படித்த தம்பி, "இதுல நம்ம அப்பா எங்கக்கா இருக்காரு?" என்று கேட்டான். இதுதான் முதல் சோதனை. படத்தை மறைத்துவிட்டு வரியை மட்டும் காட்டினால், இது யாருடைய அப்பா என்று சொந்தக்காரர்களுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்த முறை எழுதியதில் அப்பா இருந்தார்: "கடனிலும் பட்டினியிலும் எங்களைக் கரை சேர்த்த அப்பா." இது உண்மைதான். ஆனால் மண்டபத்தில் வைக்க முடியாது. அந்தக் கடனைக் கொடுத்த மாமா முன்வரிசையில் இருப்பார். கேட்டபோது இல்லையென்ற பங்காளியும் அதே வரிசையில் இருப்பார். வாசித்தவுடன் ஒருவர் தலைகுனிவார், இன்னொருவர் முகம் சுளிப்பார். அதைவிட, அப்பாவே அதை ஊர் முன்னால் படிக்கக் கூசுவார். தனியாக ஒரு கடிதத்தில் எழுதலாம். உறவுகள் கூடும் இடத்தில் எழுதுவது அவரை மறுபடியும் கடன்காரராக நிறுத்துவதாகும்.

அப்படியானால் கஷ்டத்தைச் சொல்லவே கூடாதா? சொல்லலாம், பட்ட துன்பத்தைச் சொல்வதற்குப் பதிலாகச் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். வேலை எவ்வளவு கடினம் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த வேலையைப் பற்றி அப்பாவிடம் கேட்டால், "அதையெல்லாம் என்னத்தச் சொல்றது" என்று எழுந்து போய்விடுவார். அவருடைய அக்காவையோ பழைய கூட்டாளியையோ கேட்க வேண்டும். மகள் பெரிய அத்தையைக் கேட்டாள். "உங்கப்பன் எந்த ஊருல கெடந்தாலும் ஞாயித்துக்கெழம ராத்திரி பக்கத்து வூட்டு போனுக்குக் கூப்பிட்டுப்போடுவான் கண்ணு. உங்கம்மா அதுக்கு முன்னாடியே அவங்க திண்ணையில போய் உக்காந்துக்குவா" என்றார் அத்தை.

அந்தப் பேச்சில் மகள் இதுவரை எழுதாத ஒருவர் வந்துவிட்டார். அறுபதாம் கல்யாணத்தில் மணையில் அம்மாவும்தானே உட்காருகிறார்? அப்பா சாலையில் இருந்த நாட்களில் ரேஷன் வரிசை, பள்ளிக்கூடம், காய்ச்சல், மாமனார் மாமியார் எல்லாம் அம்மா தலையில்தான். பயணம் என்றதும் ஓட்டியவரை மட்டும் எழுதுவது பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறு. இரண்டு பேரையும் வைத்து அவள் எழுதிய மூன்றாவது வடிவம் இது:

"கிளீனராக ஏறினார் அப்பா, இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்துவிட்டு இறங்கினார். அவர் லாரி ஓட்டிய நாளெல்லாம் வீட்டை ஓட்டியவர் அம்மா. விசுவாவசு முதல் விசுவாவசு வரை. ஆசி வேண்டும் மக்கள்."

இதில் தியாகம், கண்ணீர் என்ற சொற்களே இல்லை. ஆனாலும் லாரி வாழ்க்கை தெரிந்த எந்தச் சொந்தக்காரரும் "ஏறினார்" என்பதற்கும் "இறங்கினார்" என்பதற்கும் நடுவில் இருப்பதைப் புரிந்துகொள்வார். முடிவையும் கவனியுங்கள். மணிவிழாவில் பிள்ளைகள் காலில் விழுந்து ஆசி வாங்குகிறவர்கள். அதனால் "நீங்கள் நூறாண்டு வாழ்க" என்று முடிப்பதைவிட, ஆசி கேட்டு முடிப்பது முறையாக இருக்கிறது.

எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து நீளம் மாறும். மண்டப வாசலில் நிற்கும் பேனரை நடந்துகொண்டே படிப்பார்கள். அதற்கு முதல் வாக்கியம் மட்டும் போதும். சட்டம் போட்டு மாட்டும் படத்துக்கு நான்கு வரியும் சரி. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அத்தை சொன்ன ஞாயிற்றுக்கிழமை போனைச் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே "அப்பா, நீங்கள்" என்று நேராகப் பேசுவதும் பொருந்தும். பேனரில் படிப்பவர்கள் மற்றவர்கள் என்பதால் "அவர்" என்பதே நல்லது. அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவிடம் ஒருமுறை படித்துக் காட்டிவிட வேண்டும். எந்தச் சொல் யாரைக் குத்தும் என்று வீட்டில் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

கடைசியாக ஒன்று. இந்தச் சடங்குக்குக் கணவரின் வயதைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். அதனால் அம்மாவின் அறுபது பல வீடுகளில் யாரும் கவனிக்காமலே கழிந்துவிடுகிறது. கணவரை இழந்த அம்மாவுக்கு மணையும் இல்லை, மண்டபமும் இல்லை. ஆனால் உறவுகளை அழைத்து இலை போட்டு, ஒரு படம் எடுத்துக்கொள்ள எந்தத் தடையும் கிடையாது. அந்தப் படத்துக்கும் இதே வழிதான்: அவர் என்ன வேலை செய்தார், எத்தனை மணிக்கு எழுந்தார், யாரை எதுவரை படிக்கவைத்தார் என்று அவருடைய தங்கையிடம் கேட்டு, அதில் ஒன்றை எழுதுங்கள்.