மாசக் கடைசி பிபிடி: வீட்டுக்காரருக்கு எதைக் காட்டணும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் நீக்கித் தொகுத்திருக்கிறோம்.)

பெரம்பலூர், அரியலூர் பக்கம் பல வீடுகளில், கட்டச் சொன்னவர் துபாயிலயோ சிங்கப்பூர்லயோ இருப்பார். இங்க அவருடைய அப்பாவோ மச்சானோதான் சைட்டுக்குப் போய்ப் பார்ப்பாங்க. காண்ட்ராக்டர் வாட்ஸ்அப்பில் தினமும் நாலு போட்டோ அனுப்புவார். ஆனா நாலு மாசம் கழிச்சு "பணம் எங்க போச்சு, வேலை ஏன் நிக்குது?" என்று ரெண்டு பக்கமும் சண்டை வரும். மாசத்துக்கு ஒரு பிபிடி, அஞ்சாறு ஸ்லைடு, ஒழுங்கா இருந்தா அந்தச் சண்டையில் பாதி வராது. அந்த ஒழுங்கு என்னன்னு ஒரு கணக்கோட பார்ப்போம்.

புரிவதற்காக நானே ஒரு வீட்டை எடுத்துக்கறேன். குன்னம் பக்கம், கரிசல் மண், 1,200 சதுர அடி, சதுர அடிக்கு 2,250 ரூபாய் என்று பேசி மொத்தம் 27 லட்சம். ஜூன் மாசம் ஆரம்பம். இப்போ நாம பார்க்கப்போறது அக்டோபர் மாசத்து பிபிடி. 25-ஆம் தேதியோட கணக்கை முடிச்சு 28-ஆம் தேதி அனுப்பியது.

போட்டோ: மூடப்போற வேலைக்குத்தான் முதலிடம்

சுவர் எழும்பின போட்டோ அழகா இருக்கும், ஆனா அதை எப்போ வேணும்னாலும் நேர்ல பார்த்துக்கலாம். கான்கிரீட்டுக்குள்ளயும் பூச்சுக்குள்ளயும் மறைஞ்சு போறதை அப்புறம் பார்க்க முடியாது. அதனால் வானம் தோண்டின ஆழம், கம்பி கட்டின இடைவெளி, கம்பிக்கு அடியில் வெச்ச கவர் பிளாக், சுவருக்குள் போற பைப் இவைதான் ஸ்லைடில் வரணும். ஒவ்வொண்ணுலயும் டேப்பைப் பிடிச்சு, எண் தெரியுற மாதிரி எடுக்கணும்.

அது தவிர மாசாமாசம் அதே நாலு இடத்திலிருந்து நாலு போட்டோ. நிக்கற இடத்தில் ஒரு செங்கல்லைப் பதிச்சு வெச்சுக்கங்க. செப்டம்பர் போட்டோவையும் அக்டோபர் போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, எவ்வளவு நகர்ந்திருக்குன்னு யாரும் விளக்க வேண்டாம். இன்னொண்ணு, வாட்ஸ்அப்பில் போட்டோவா அனுப்பினா எடுத்த தேதி, இட விவரம் கழன்று போயிடும். ஒரிஜினல் ஃபைலை டாக்குமென்ட்டா அனுப்புங்க.

பணம்: செலவு வேற, முடிஞ்ச வேலை வேற

அதிகமா குழம்புறது இந்த இடத்தில்தான். காண்ட்ராக்டர் "இதுவரைக்கும் 15 லட்சத்து 40 ஆயிரம் செலவாயிடுச்சு" என்று எழுதுவார். அதில் சைட்டில் அடுக்கி வெச்சிருக்கிற சிமெண்ட், கம்பி, அவருடைய சென்ட்ரிங் வாடகை எல்லாம் சேர்ந்திருக்கும். சதுர அடி ரேட்டுக்குப் பேசின வீட்டில் வீட்டுக்காரர் பார்க்க வேண்டியது அந்த எண்ணை இல்லை. முடிஞ்ச வேலையின் மதிப்பு எவ்வளவு, கொடுத்த பணம் எவ்வளவு? இந்த ரெண்டும்தான் முக்கியம்.

அதுக்கு ஆரம்பத்திலேயே ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பங்கு பேசி வெச்சுக்கணும். நம்ம வீட்டில் பேஸ்மெண்ட் வரை 20 சதவீதம், லிண்டல் வரை 20, ரூஃப் கான்கிரீட் 22, பூச்சு 14, தரை, கரண்ட், பைப் சேர்த்து 16, பெயிண்டும் மிச்ச வேலையும் 8. மொத்தம் 100. இதில் ஒரு விதி: ஆரம்பிக்கலைன்னா பூஜ்யம், பாதி தாண்டினா பாதி, முழுசா முடிஞ்சா முழுசு. "95 சதவீதம் முடிஞ்சுது" என்று யாரும் எழுதக் கூடாது, ஏன்னா அந்த 95 மூணு மாசம் 95-ஆவே நிக்கும்.

அக்டோபர் 25-ஆம் தேதி பேஸ்மெண்ட், லிண்டல் முடிஞ்சிருக்கு, 40 சதவீதம். ரூஃபுக்கு சென்ட்ரிங் அடிச்சு கம்பி கட்டியாச்சு, கான்கிரீட் போடலை. அதனால் 22-இல் பாதி, 11. மொத்தம் 51 சதவீதம், அதாவது 13,77,000 ரூபாய். வீட்டுக்காரர் இதுவரை கொடுத்த தவணை 45 சதவீதம், 12,15,000. ஆக காண்ட்ராக்டருடைய வேலைதான் 1,62,000 முன்னால் இருக்கு.

இப்போ அவர் ரூஃப் தவணை 5,40,000-ஐ முன்னாடியே கேட்கறார். முழுசா கொடுத்தா கொடுத்த பணம் 17,55,000 ஆயிடும், வேலை 13,77,000-இல்தான் இருக்கும். 3,78,000 ரூபாய் வேலை இல்லாமல் வெளியே நிக்கும். மறுத்தா, கான்கிரீட்டுக்குக் கையில் காசு இல்லாமல் அவர் நின்னுடலாம். ஸ்லைடில் இந்த எண்கள் இருந்தா பேச்சு சுலபம்: இப்போ 1,50,000, கான்கிரீட் போட்டு முடிச்சதும் மீதி 3,90,000. ரெண்டு பேருக்கும் பயம் இல்லை.

கூடுதல் வேலைக்குத் தனி ஸ்லைடு வேணும். கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். நம்ம வீட்டில் 4 அடி பேசின வானத்தை 6 அடி தோண்ட வேண்டியதாச்சு. அதுக்கு ஆன 85,000 ரூபாயை 27 லட்சத்துக்குள் கலக்காதீங்க. என்ன காரணம், எவ்வளவு, வீட்டுக்காரர் எந்தத் தேதியில் சரின்னு சொன்னார்னு ஒரே வரியில் எழுதுங்க. சம்மதம் வாங்காத தொகைன்னா "இன்னும் முடிவாகலை" என்றே போடுங்க.

தாமதம்: ஒரே நாளை ரெண்டு தடவை எண்ணாதீங்க

ரூஃப் கான்கிரீட் அக்டோபர் 10-இல் போட வேண்டியது. இப்போ 30-ஆம் தேதின்னு போட்டிருக்கு. ஸ்லைடில் மூணு காரணம். மாடிப்படியை எந்தப் பக்கம் வைக்கறதுன்னு வீட்டுக்காரர் முடிவு சொல்ல செப்டம்பர் 18 முதல் 24 வரை 7 நாள். சென்ட்ரிங் ஆட்கள் வேற சைட்டுக்குப் போயிட்டதால் அக்டோபர் 8 முதல் 15 வரை 8 நாள். மழை, 12 முதல் 20 வரை 9 நாள். கூட்டினா 24 வருது. ஆனா தேதி நகர்ந்தது 20 நாள்தான்.

மீதி 4 நாள் எங்கே? 12 முதல் 15 வரை மழையும் பெய்தது, ஆட்களும் இல்லை. அந்த 4 நாளை மழைக் கணக்கிலும் ஆள் கணக்கிலும் ரெண்டு தடவை எழுதியிருக்காங்க. பெரும்பாலும் இங்கதான் "எல்லாம் மழைதான் சார்" என்ற பேச்சு வரும். மழை இல்லேன்னாலும் அந்த நாலு நாள் வேலை நடந்திருக்காது. அதை நேர்மையா "ரெண்டு காரணமும் சேர்ந்தது" என்று தனி வரியில் காட்டணும். அந்த நாளுக்குக் காலத்தை மட்டும் நீட்டிக் கொடுப்பதா, அபராதம் உண்டா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வெச்சுக்கறது நல்லது.

மழைக்கு ஆதாரம் வேணும். மாவட்ட நிர்வாகம் மழைமானி வாரியா மழையளவை வெளியிடும். பக்கத்து மழைமானியின் அளவை ஸ்லைடில் போட்டா வாக்குவாதம் இல்லை. லேசான தூறல் பெய்த நாள் சுவர் வேலைக்குத் தடையா இருக்காது, கான்கிரீட்டுக்கு இருக்கலாம். அதனால் எந்த வேலை நின்னுச்சுன்னும் சேர்த்து எழுதணும்.

கடைசி ஸ்லைடு, அடுத்த மாசம். 30-ஆம் தேதி கான்கிரீட் போட்டா, 4.5 மீட்டருக்குள் இருக்கிற ஸ்லாப்புக்கு முட்டு 7 நாள், அதுக்கு மேல அகலமா இருந்தா 14 நாள், 6 மீட்டர் வரை பீமுக்கு 14 நாள் நிக்கணும்னு ஐஎஸ் 456 சொல்லுது. தண்ணி கட்டுறதும் பிபிசி சிமெண்டுக்குக் குறைஞ்சது 10 நாள். முட்டு நிக்கிற அறையில் பூச்சு வேலை நடக்காது. அதனால் போன 20 நாளை நவம்பரில் ஆள் கூட்டிப் பிடிச்சிடலாம்னு எழுதுற காண்ட்ராக்டரை நம்பாதீங்க. எந்த அறையில் எந்தத் தேதி முட்டு பிரியும்னு கேளுங்க.

வீட்டுக்காரரா இருந்தா, வர்ற மாசத்து பிபிடியில் இந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்க: முடிஞ்ச வேலை இவ்வளவு, கொடுத்த பணம் இவ்வளவு. அது இல்லைன்னா, போட்டோ எத்தனை இருந்தாலும் திருப்பி அனுப்பிக் கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.