பெட்டிக்கு விலை கேட்கும் முன்

“5 பிளை அட்டைப்பெட்டி, பெரிய சைஸ், என்ன ரேட்?” என்று கைப்பேசியில் கேட்டால் மூன்று வியாபாரிகள் மூன்று விலை சொல்வார்கள். ஆனால் மூவரும் மனதில் வைத்திருப்பது மூன்று வேறு பெட்டிகள். குறைந்த விலையைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் மெலிந்த தாளைத்தான் தேர்ந்தெடுக்கிறார்.

2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாயை எடுத்துக்கொள்வோம். சென்னைக்குச் சரக்கு அனுப்பும் ஒரு தயாரிப்பாளருக்கு 12,000 பெட்டிகள் தேவை என்று வைத்துக்கொள்ளலாம். விலை கேட்கும் கடிதத்தில் அவர் முதலில் எழுதவேண்டியது அளவு: நீளம் 400, அகலம் 300, உயரம் 250 மில்லிமீட்டர். இது உள்ளளவு என்றும் சொல்லிவிட வேண்டும். 5 பிளை அட்டையே ஆறேழு மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். வெளியளவு என்று எடுத்துக்கொண்டு செய்தால், கச்சிதமாக அடுக்கவேண்டிய பாக்கெட்டுகள் உள்ளே போகாது.

அடுத்தது தாள். வெளித்தாள் 180 ஜி.எஸ்.எம்., மற்ற இரண்டு சமதளத் தாள்கள் 150, நெளிதாள்கள் இரண்டும் 120 என்று பிரித்து எழுதவேண்டும். தாளின் உறுதியைக் காட்டும் பி.எஃப். எண்ணையும் ஒவ்வொன்றுக்கும் குறிப்பிடவேண்டும். ஒரே கனத் தாளானாலும் 18 பி.எஃப்., 22 பி.எஃப். இரண்டுக்கும் விலை வேறு.

சொன்ன தாள்தான் வந்ததா என்பதைத் தராசு ஓரளவு காட்டிக்கொடுக்கும். மேலே சொன்ன பெட்டிக்கு ஏறத்தாழ 0.8 சதுர மீட்டர் அட்டை பிடிக்கும். நெளிவுக்காக நெளிதாள் ஏறக்குறைய 1.4 மடங்கு நீளம் செல்வதால், சதுர மீட்டருக்கு 816 கிராம் வருகிறது. ஆக, வெற்றுப்பெட்டி சுமார் 650 கிராம் இருக்கவேண்டும். 550 கிராம் காட்டினால் தாளைக் குறைத்துவிட்டார்கள் என்று சந்தேகிக்கலாம். ஈரம் ஏறிய பெட்டி எடை கூடுதலாகக் காட்டும், ஆனால் அடுக்கினால் நசுங்கும். அதனால் மாதிரிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால்தான் எடை போடவேண்டும்.

எண்ணிக்கையையும் பிரித்துச் சொல்வது நல்லது. மாதம் 3,000 வீதம் நான்கு மாதம் என்றால் கிடங்கில் பெட்டிகள் ஈரம் குடித்துக் கிடக்காது. அச்சுக்கட்டை, வண்டி வாடகை, ஜி.எஸ்.டி. ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்டால்தான் விலைகளை ஒப்பிட முடியும்.

கெடு விஷயத்தில் தயக்கம் கூடாது. ‘சீக்கிரம் அனுப்பவும்’ என்பது கெடுவாகாது. ‘14-ஆம் தேதி மாலை 4 மணிக்குள், விலை 30 நாள் செல்லவேண்டும்’ என்று எழுதவேண்டும். கிராஃப்ட் தாளின் விலை ஏறி இறங்குவதால், வெவ்வேறு வாரத்தில் வந்த விலைகளை ஒப்பிட முடியாது. ஒருவர் அவகாசம் கேட்டால் எல்லோருக்கும் அதே அவகாசம் கொடுங்கள். இல்லையென்றால் கெடு தாண்டி வந்த விலையை ஏற்காதீர்கள்.